பதில் வராத மூன்று மணி நேரத்துக்கு என்ன பொருள்?

கேள்வி: இரண்டு மாதங்களாக ஒருவருடன் தினமும் வாட்ஸ்அப்பில் பேசிவருகிறேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் காலை வணக்கமோ இரவு வணக்கமோ ஒருநாள் தவறினால், "என்ன ஆச்சு, கோபமா?" என்று கேட்கிறார். வேலை நேரத்தில் என்னால் அலைபேசியை எடுக்க முடியாது. இப்போதெல்லாம் அவர் பெயரைத் திரையில் பார்த்தாலே இன்னொரு வேலை வந்துவிட்டது போல் இருக்கிறது. எவ்வளவு பேசுவது என்பதை அவர் மனம் புண்படாமல் எப்படிப் பேசி முடிவு செய்வது?

பதில்: நாளுக்கு இத்தனை செய்தி என்று எண் வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இணை, நாளுக்கு மூன்று என்று பேசி வைத்திருந்தது. பத்தே நாளில் மூன்றாவது செய்தி இரவு 11.50 மணிக்கு வெறும் சிரிப்பு முகமாக வந்து விழத் தொடங்கியது. அனுப்பியவருக்குக் கணக்கு முடிந்த நிம்மதி. பெற்றவருக்கோ, தன்னோடு பேசுவது கணக்காகிவிட்டதே என்ற வருத்தம்.

பதில் வராத மூன்று மணி நேரத்தை நீங்கள் "வேலையில் இருக்கிறேன்" என்று படிக்கிறீர்கள். அவர் "விலகிப் போகிறார்" என்று படிக்கிறார். இருவருமே இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு மாதம் தவறாமல் போன காலை வணக்கம், யாரும் போடாத விதியாகிவிட்டது. அது வராமல் போவதே இப்போது ஒரு செய்தி. நீங்கள் பேசி முடிக்க வேண்டியது இதைத்தான்.

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோது புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தீர்கள் என்று ஒருவர் மீண்டும் மீண்டும் திறந்து பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். (ஒப்பீட்டை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.) எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால், குறைவாக வந்தாலும் இந்தத் தவிப்பு பெரும்பாலும் தணியும்.

பேச்சை எழுத்தில் தொடங்க வேண்டாம், குரலில் பேசுங்கள். "என்ன ஆச்சு?" வந்த அதே நாளிலும் வேண்டாம், அது சண்டைக்கான பதிலாகக் கேட்கும். நன்றாகச் சிரித்துப் பேசிய ஒரு நாளில் இப்படிச் சொல்லலாம்: "உங்களோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் வணக்கம் சொல்ல மறந்துவிட்டேனோ என்ற நினைப்போடுதான் சில நாட்கள் எழுகிறேன். நான் பதில் போடாதபோது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். முன்பு யாரோ இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள் என்பது போன்ற ஒன்று வெளிவரக்கூடும். அப்படி வந்தால் அவருடைய கேள்வியில் இருந்த அவசரம் உங்களுக்குப் புரியும்.

அதன் பிறகு உங்களால் உண்மையிலேயே முடிவதைச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் வரும் மௌனத்துக்கு வேலை என்று மட்டுமே பொருள். வேலை முடிந்த மாலையில் பேசுவேன். முடியாத நாளில் "இன்று களைப்பு, நாளை பேசலாம்" என்று ஒரு வரி போடுவேன். படமும் வேடிக்கையும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், அவற்றுக்குப் பதில் கட்டாயமில்லை. அவசரம் என்றால் அழைக்க வேண்டும். காலை வணக்கம், தோன்றினால் அனுப்புவது. அவருக்கும் இதே சலுகை உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டு வாரம் இப்படி இருந்து பார்த்து, மீண்டும் ஒருமுறை பேசுவதாக முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதிலாக நீல நிற டிக்கை அணைத்துவிடலாமே என்று தோன்றலாம். அணைத்தால் அவர் உங்கள் செய்தியைப் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் அணைத்தால், ஒளிக்கிறீர்கள் என்றே அவர் எடுத்துக்கொள்வார். சொல்லிவிட்டு அணைப்பதில் தவறில்லை.

இரண்டு வாரத்துக்குப் பின் உங்கள் உரையாடலை மேலே தள்ளிப் பாருங்கள். உங்கள் செய்திகள் "மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது" என்றே தொடங்கினால், விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முதலில் அந்த மன்னிப்பை நிறுத்துங்கள். நேராக விஷயத்துக்கு வாருங்கள். நீங்கள் கேட்கிற மன்னிப்புதான் தாமதத்தைக் குற்றமாக்குகிறது.

பேசிய பிறகும் வேலை நேரத்தில் வரிசையாக அழைப்பு வந்தால், எங்கே இருக்கிறீர்கள் என்பதற்குப் படம் அனுப்பச் சொன்னால், அது செய்தி அனுப்பும் பழக்கத்தைப் பற்றிய சிக்கல் அல்ல. உங்களைக் கண்காணிக்கும் முயற்சி. அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்துத் தீர்வு காண முடியாது. நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிட்டு விலகுவதைப் பற்றி யோசியுங்கள்.