‘பாதியாகக் குறைந்தது’ என்று எழுதும் முன்

கேள்வி: எங்கள் வார்டில் கேனுலா போட்ட இடத்தில் சிரை வீங்கிச் சிவக்கும் ஃப்ளெபைட்டிஸ் மார்ச்சில் 18 பேருக்கு வந்தது, ஜூனில் 9 பேருக்குத்தான். மாநாட்டு அப்ஸ்ட்ராக்டில் ‘50 சதவீதம் குறைந்தது’ என்று எழுதலாமா? – ஸ்டாஃப் நர்ஸ், குடியாத்தம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த மாதங்களில் மொத்தம் எத்தனை கேனுலா போட்டீர்கள்? மார்ச்சில் 120, ஜூனில் 60 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு மாதமும் 15 சதவீதம்தான். ஃப்ளெபைட்டிஸ் குறையவில்லை, கேனுலா போடுவதுதான் குறைந்திருக்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்களால் வார்டு நிரம்பும்போது இது தலைகீழாகும். நீங்கள் நன்றாக வேலை செய்தாலும் எண்ணிக்கை ஏறும். ஆகவே, ‘100 கேனுலாவுக்கு எத்தனை’ என்று எழுதுங்கள்.

இரண்டு மாதங்களை மட்டும் ஒப்பிட்டாலும் போதாது. அந்த விகிதத்தை வாராவாரம் ரன் சார்ட் என்ற கால வரிசை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். மாற்றத்துக்கு முந்தைய 10, 12 வாரங்களின் மீடியனை, அதாவது நடு மதிப்பை, கோடாகப் போட்டு, அப்படியே முன்னால் நீட்டுங்கள். மாற்றத்துக்குப் பிறகு தொடர்ந்து 6 புள்ளிகளாவது கோட்டுக்குக் கீழே இருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. சரியாகக் கோட்டிலேயே விழும் புள்ளியை எண்ணாமல் விடுங்கள். நடுவில் ஒன்று கோட்டைத் தாண்டி மேலே போனால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கேள்வி: ‘செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதினேன். மாற்றம் என்ன என்று புரியவில்லை எனத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். – பயிற்சி மருத்துவர், வேலூர்

பதில்: அவர்கள் கேட்டது நியாயம். அதைப் படித்துவிட்டு வேறு வார்டுக்காரர் நாளைக்கே செய்து பார்க்க முடிய வேண்டும். இப்படி எழுதலாம்: ‘கேனுலா போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்டர் மேல் எழுதப்பட்டன. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் இரு செவிலியர்களும் படுக்கையருகே நின்று அந்த இடத்தைப் பார்த்து, ஃப்ளெபைட்டிஸ் எவ்வளவு என்று காட்டும் வி.ஐ.பி. ஸ்கோர் குறித்தார்கள். 2 அல்லது அதற்கு மேல் என்றால் கேனுலா எடுக்கப்பட்டது.’

இடறியதையும் ஒரு வரியில் சேருங்கள். கத்திரி வெயிலில் வியர்வை பட்டு பேனா எழுத்து அழிந்து, அழியாத மார்க்கருக்கு மாறினீர்கள் என்றால், அது மாற்றத்தைத் திருத்திப் பார்த்த உங்கள் இரண்டாவது சுற்று. எனக்குப் பல அப்ஸ்ட்ராக்டுகளில் பிடித்ததே அந்த வரிதான். அப்புறம், கேனுலாவைச் சீக்கிரம் எடுப்பதால் மறுபடி ஊசி குத்துவது கூடியதா என்றும் எண்ணிச் சொல்லுங்கள். அதை மறைத்தால் முடிவு பாதிதான்.

கேள்வி: பிரச்சினையை உலக அளவிலிருந்து தொடங்க வேண்டுமா? – நர்சிங் சூப்பர்வைசர், ஆற்காடு

பதில்: வேண்டாம். 250 வார்த்தை அப்ஸ்ட்ராக்டில் அதற்கு இடமில்லை. உங்கள் வார்டு, எத்தனை படுக்கை, தொடக்க விகிதம்: இரண்டு வாக்கியம் போதும்.

கேள்வி: நெறிமுறைக் குழு அனுமதி தேவையா? – ஸ்டாஃப் நர்ஸ், ராணிப்பேட்டை

பதில்: தரவு எடுக்கத் தொடங்கும் முன்பே குழுவிடம் கேளுங்கள். ‘விலக்கு’ என்றாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள். முடித்தபிறகு கேட்டால் பல குழுக்கள் தருவதில்லை.