டாலரில் பணம் வருகிறது, ஃபார்வர்ட் காண்ட்ராக்ட் போடலாமா?

கேள்வி: ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தேங்காய் நார்த்தூள் கட்டி செய்து டுபாய்க்கு அனுப்புகிறோம். பில் அமெரிக்க டாலரில். சரக்கு போய் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். பேங்கில் ஸ்பாட் ரேட், ஃபார்வர்ட், ஹெட்ஜிங் என்கிறார்கள். ஃபார்வர்ட் ரேட் இன்றைய ரேட்டைவிடக் குறைவாக இருக்கிறதே, டாலர் இறங்கப் போவது தெரிந்துதான் அப்படிக் கொடுக்கிறார்களா? போடலாமா, வேண்டாமா?

பதில்:

இல்லை அண்ணே. டாலர் ஏறுமா இறங்குமா என்பது அந்த ரேட்டில் இல்லை. அது வட்டிக் கணக்கு. தெலுக் இந்தான் பக்கம் சிறு ஏற்றுமதியாளர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். இந்தச் சந்தேகத்தாலேயே ஃபார்வர்ட் பக்கம் போகாமல் இருப்பவர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்பாட் ரேட் என்பது இன்று பேசி முடித்து, வழக்கமாக இரண்டு வேலை நாளில் கைமாறும் டாலரின் விலை. ஃபார்வர்ட் என்பது பின்னொரு தேதியில் கொடுக்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி முடித்துக்கொள்வது. பேங்கில் இரண்டு விலை சொல்வார்கள். உங்களுக்கு உரியது, பேங்க் உங்களிடம் டாலரை வாங்கும் விலை. போனில் தேடினால் வருவது நடு ரேட். கையில் கிடைப்பது அதற்குக் கீழேதான் இருக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் கீழே நடு ரேட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியைத் தொட்டது. ஜூன் கடைசியில் ஏறக்குறைய 4.70. அந்த நேரத்தில் நீங்கள் 50,000 டாலருக்குச் சரக்கு ஏற்றி, செப்டம்பர் கடைசியில் பணம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டை, ஆள் கூலி, லோரி, கப்பல் எல்லாம் சேர்ந்து செலவு 210,000 வெள்ளி. 4.70-இல் மாற்றினால் 235,000 வெள்ளி, லாபம் 25,000.

அன்று பேங்க் மூன்று மாத ஃபார்வர்ட் கொடுத்திருந்தால் சுமார் 4.68 வந்திருக்கும். ஏன் 2 காசு குறைவு? செப்டம்பரில் உங்கள் டாலரை வாங்குவதாக பேங்க் இன்றே வாக்குக் கொடுக்கிறது. அதுவரை ரேட் ஆடினால் பேங்குக்கும் ஆபத்து. ஆகவே அது இன்றே டாலரைக் கடன் வாங்கி, ஸ்பாட்டில் விற்று, வந்த வெள்ளியை வட்டிக்குப் போட்டு வைக்கிறது. செப்டம்பரில் உங்கள் டாலர் வந்ததும் கடனை அடைத்துவிடும். அப்போது டாலர் கடனுக்கு வருட வட்டி 5.3 சதவீதம் போல. வெள்ளிக்குக் கிடைத்தது 3.6 சதவீதம் போல. வித்தியாசம் வருடத்துக்கு 1.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு அதில் கால்வாசி. அதை 4.70-இல் போட்டுப் பாருங்கள், அந்த 2 காசு வரும். அமெரிக்க வட்டி நம் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் ஃபார்வர்ட் ரேட் ஸ்பாட்டுக்கு மேலேயே நிற்கும்.

அந்த வருடம் டாலர் 5 வெள்ளி ஆகும் என்று பேசியவர்கள் பலர். செப்டம்பர் கடைசியில் வந்ததோ ஏறக்குறைய 4.12. ஃபார்வர்ட் போடாதவருக்கு 50,000 டாலருக்குக் கிடைத்தது 206,000 வெள்ளி. சரக்கு நல்ல சரக்கு, பையரும் சொன்ன தேதியில் பணம் போட்டார். ஆனாலும் கைக்காசு 4,000 வெள்ளி போனது. 4.68-க்கு ஃபார்வர்ட் போட்டவருக்கு 234,000, லாபம் 24,000. இப்படி விலையை முன்கூட்டியே கட்டிப்போடுவதுதான் ஹெட்ஜிங். டாலர் 4.90-க்கு ஏறியிருந்தாலும் அவருக்கு அதே 234,000-தான். அந்த ஏற்றத்தை விட்டுக்கொடுத்துத்தான் இந்த நிம்மதியை வாங்குகிறோம். இதில் அரைகுறை மனதோடு இறங்கினால், டாலர் ஏறும்போதெல்லாம் ஃபார்வர்டால் நஷ்டம் என்று தோன்றும். அது நஷ்டமில்லை, 24,000 லாபம் அப்படியேதான் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: பையர் தாமதிப்பது. ஃபார்வர்ட் காண்ட்ராக்ட் உங்களுக்கும் பேங்குக்கும் உள்ள கடமை; பையர் பணம் போட்டாரா இல்லையா என்பது அதற்குச் சம்பந்தமில்லை. செப்டம்பர் 30-ஆம் தேதி 50,000 டாலரைக் கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரோல்ஓவர் கேட்க வேண்டியிருக்கும். அதாவது பேங்க் அன்றைய ஸ்பாட்டில் டாலரை உங்களுக்கு விற்று, பழைய காண்ட்ராக்டை முடித்து, அடுத்த மாதத்துக்குப் புதிதாக ஒன்று போடும். ஸ்பாட் 4.12-ஆக இருந்தால் உங்களுக்கு டாலருக்கு 56 காசு வீதம் 28,000 வெள்ளி கையில் வரும். புதிய காண்ட்ராக்ட் 4.11 போல இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய அதே 4.67.

ஸ்பாட் 4.80-ஆக இருந்தால் கதை வேறு. டாலருக்கு 12 காசு வீதம் 6,000 வெள்ளியை அன்றே நீங்கள் கட்ட வேண்டும், பையரிடமிருந்து ஒரு காசும் வராத நிலையில். பின்னால் டாலர் வந்தால் புதிய, உயர்ந்த ரேட்டில் அது திரும்பிவிடும். பையர் கடைசிவரை போடவே இல்லையென்றால், சரக்குக் காசோடு அந்த 6,000-மும் போச்சு. அந்தப் பணத்தைப் புரட்ட முடியுமா என்று காண்ட்ராக்ட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏற்றுமதிப் பணத்தைப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது பேங்க் நெகாரா விதி. இழுத்தடிக்கும் பையர் அந்த வகையிலும் தலைவலி.

அதனால் முழுப் பில்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்ல மாட்டேன். அந்த டுபாய் பையரின் பழைய பில்களை எடுத்து, கெடு தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் இரண்டு வாரம் முன்பின் என்றால், தேதி குறித்த ஃபார்வர்டுக்குப் பதிலாக, ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்குள் எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கலாம் என்ற வகையைக் கேளுங்கள். டைம் ஆப்ஷன் ஃபார்வர்ட் என்பார்கள். அந்த இடைவெளியில் பேங்குக்கு எந்த நாள் சாதகமோ அந்த நாளின் ரேட்டைத்தான் கொடுப்பார்கள், ஆகவே இடைவெளியைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கிறவர் என்றால் பாதிக்கு மட்டும் போடுங்கள். மேலே சொன்ன கணக்கில் பாதி 4.68-லும் பாதி 4.12-லும் மாறியிருந்தால் 220,000 வெள்ளி வந்திருக்கும். செலவு போக 10,000 மிஞ்சும்.

பேங்குக்குப் போகும்போது பையரின் ஆர்டர், பில், கப்பல் சீட்டு மூன்றையும் கொண்டு போங்கள். முதலில் உங்களுக்கு எஃப்எக்ஸ் லிமிட், அதாவது இப்படிக் காண்ட்ராக்ட் போட பேங்க் அனுமதிக்கும் உச்சத் தொகை, உண்டா என்று கேளுங்கள். அது இல்லாத சிறு கம்பெனியிடம் காண்ட்ராக்ட் தொகையில் ஒரு பங்கை முன்பணமாகப் பிடித்து வைக்கக் கேட்கலாம்; அவ்வளவு பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். பிறகு ஸ்பாட் எவ்வளவு, மூன்று மாதத்துக்குக் கழிப்பது எத்தனை காசு என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். வட்டிக் கணக்கில் 2 காசு வர வேண்டிய இடத்தில் 6 காசு கழித்தால், மிச்சம் 4 காசு பேங்கின் லாபம். 50,000 டாலருக்கு அது 2,000 வெள்ளி. அந்த இடத்தில் பேரம் பேசலாம், வேறு பேங்கிலும் அதே நாளில், அதே நேரத்தில் ரேட் கேட்டு ஒப்பிடலாம்.