மூன்று பாட்டிலும் ஒரு பெட்டிக்கடையும்: வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஞாயிறு தவிர தினமும் பத்து ரூபாய் கொடுப்போம். பள்ளி வாசலிலேயே தீர்ந்துவிடும். செலவு, சேமிப்பு, கொடுப்பது என்று மூன்று பாட்டில் வைத்துப் பிரிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தான். மூன்றாவது வாரம் சேமிப்பு பாட்டிலிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டான். கேட்டால், "என் காசுதானே!" என்கிறான். அவன் அப்பத்தா வேறு, கேட்கும்போதெல்லாம் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

அவன் சொன்னது சரிதான், அது அவன் காசுதான். இதில் நீங்கள் சந்தேகப்பட ஆரம்பித்தால் மூன்று பாட்டிலும் உங்கள் பாட்டில் ஆகிவிடும். அவன் எடுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான். செலவு பாட்டிலில் இருந்த காசுக்கு மாங்காய்க் கீற்று, தேன்மிட்டாய், ஸ்டிக்கர் என்று பெயர் இருந்தது. சேமிப்பு பாட்டிலில் இருந்த காசுக்குப் பெயரே இல்லை. "சேமி" என்று மட்டும் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது யாரோ பூட்டி வைத்த காசு.

அதனால் முதலில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் விரும்புகிற பொருள் வேண்டாம், அவன் விரும்புவதுதான். கிரிக்கெட் பந்து என்றால் கடைக்கு அழைத்துப் போய் அவனையே விலை கேட்க வையுங்கள். 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் பொருள் நான்கு வாரத்துக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். எடுத்த எடுப்பில் சைக்கிளுக்குச் சேர்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடும்.

தினம் பத்து என்பதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாக 60 ரூபாய் கொடுங்கள். தொகையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆனால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஐம்பது ரூபாய்த் தாளும் பத்து ரூபாய்த் தாளுமாக நீட்டினால் பிரிக்கவே முடியாது. பத்து ரூபாய்த் தாள் நான்கும் ஐந்து ரூபாய் நாணயம் நான்குமாகக் கொடுங்கள். இரண்டு தாள் சேமிப்புக்கு, ஒரு நாணயம் கொடுப்பதற்கு, மீதி 35 ரூபாய் செலவுக்கு. பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் செலவு பாட்டிலில் போடாதீர்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் நம் பக்கத்துக் கடைகள் சிலவற்றில் இன்னும் வாங்குவதில்லை. கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை வெட்கப்பட்டு நிற்கும்.

பாட்டில் கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும், கை நுழைகிற அளவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். மண் உண்டியல் அழகுதான், ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, உடைக்கிற நாள் தவிர அதில் முடிவு எடுக்க எதுவும் இல்லை. தாள்கள் பாட்டிலில் மடங்கிக் கிடக்கும், உயரத்தைப் பார்த்துத் தொகை சொல்ல முடியாது. அதனால் வெளியே ஒரு காகிதம் ஒட்டி எட்டுக் கட்டம் போடுங்கள், கட்டத்துக்குப் பத்து ரூபாய். மேலே பந்தின் படமும் விலையும். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு கட்டத்தை அவனே பென்சிலால் தீட்டட்டும். பென்சில்தான், ஸ்கெட்ச் பேனா கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் ஆறு கட்டம் நிறைந்து 60 ரூபாய் இருக்கிறது. அவன் இருபதை எடுக்கிறான். திட்டாதீர்கள், தடுக்காதீர்கள். அழிரப்பரைக் கையில் கொடுத்து இரண்டு கட்டத்தை அவனையே அழிக்கச் சொல்லுங்கள். இப்போது இருப்பது 40. அடுத்த ஞாயிறு வந்திருக்க வேண்டிய பந்து அதற்கடுத்த ஞாயிறுதான் வரும். அதை அவன் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் வைக்கிற கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: சேமிப்பு பாட்டிலை ஞாயிறு காலையில் மட்டும்தான் திறக்கலாம். புதன்கிழமை மாலை பெட்டிக்கடையில் பார்த்த ஸ்டிக்கர் மீதான ஆசை ஞாயிறுவரை தாங்கினால் அது நிஜமான ஆசை, எடுத்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் தாங்காது.

செலவு பாட்டிலில்தான் உங்களுக்குச் சோதனை. 35 ரூபாயும் வீட்டில் இருக்கும், காலையில் வேண்டியதை அவனே எடுத்துக்கொண்டு போகலாம். முதல் இரண்டு வாரம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும். வாசலில் கூட்டாளிகள் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கும்போது இவன் சும்மா நிற்பான். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அப்போது ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டீர்கள் என்றால், காலி பாட்டில் என்றால் அம்மாவிடம் கேட்கலாம் என்று அர்த்தம் ஆகிவிடும். கொடுக்காமல் இருக்க உங்களுக்குத் தைரியம் வேண்டுமென்றால் ஒன்றை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்: பசிக்குத் தீனி டப்பாவில் வீட்டிலிருந்தே போக வேண்டும். நோட்டு, பென்சில், பஸ் காசு எல்லாம் வீட்டுக் கணக்கு. வாய்க்கு ருசியும் விளையாட்டும் மட்டும்தான் அவன் கணக்கு. அப்படியென்றால் காசு தீர்ந்தாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு காலையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் வாங்கினதுல எதைத் திரும்பவும் வாங்குவ, எதை வாங்க மாட்ட?" பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மார்க்குக்கோ வீட்டு வேலைக்கோ இந்தக் காசைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். அப்படிச் செய்தால் காசைக் கையாளும் பழக்கம் போய், உங்களிடம் பேரம் பேசும் பழக்கம் வந்துவிடும்.

வீடுகளில் நான் அதிகம் பார்க்கிற தவறு பிள்ளைகள் செய்வது அல்ல. பால்காரருக்கோ ஆட்டோவுக்கோ சில்லறை இல்லையென்றால் பெரியவர்கள் பிள்ளையின் பாட்டிலில் கை வைக்கிறார்கள், திருப்பிப் போட மறந்துவிடுகிறார்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் அவனிடம் கேட்டு, தேதியும் தொகையும் எழுதிய சீட்டைப் பாட்டிலில் போடுங்கள். ஞாயிறன்று காசை வைத்துவிட்டுச் சீட்டை எடுங்கள்.

அப்பத்தாவைத் தடுக்க வேண்டாம், அது அவர்களுடைய பிரியம். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: "அத்தே, குடுக்கிறதை ஞாயித்துக்கிழமை குடுங்க, அவன் கட்டத்தைத் தீட்டும்போது பக்கத்துல இருங்க." கொடுப்பதற்கான பாட்டிலில் சேர்ந்த காசை எங்கே கொடுப்பது என்று அவனே முடிவு செய்யட்டும், கோயில் உண்டியலோ வாசலில் நிற்கிறவரோ.

பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் உறவினர்கள் கொடுக்கிற நூறு இருநூறுதான் இந்த ஏற்பாட்டைக் குலைக்கும். ஒரே நாளில் 500 வந்தால் எட்டுக் கட்டமும் கேலியாகிவிடும். அதை இந்த பாட்டில்களில் சேர்க்காதீர்கள். பொருட்காட்சிக்குப் போகும் முன்பே ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் எவ்வளவு என்று அவனையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மீதி அஞ்சலகத்துக்கு. பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்திட்டு நடத்தலாம். தொடங்கக் குறைந்தபட்சம் 500 ரூபாய் வேண்டும். அந்தத் தொகை எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைப் படிவம் நிரப்பும்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள், பிறகு எடுக்கப் போய் ஏமாறாமல் இருப்பான். கையெழுத்தை மட்டும் முன்னதாக வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பழகட்டும். படிவத்தில் ஒருவிதமும் பணம் எடுக்கும் சீட்டில் வேறுவிதமும் போட்டால் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

அன்புடன்,
அக்கா