இருப்புச் சான்றிதழில் எந்தத் தேதியைப் பார்ப்பார்கள்?

"டர்பனில் விசாவுக்காக வங்கியில் இருப்புச் சான்றிதழ் வாங்கினேன். தேதி சரியில்லை என்று தூதரகத்தில் திருப்பிவிட்டார்கள். நேற்றைய தேதிதானே போட்டிருக்கிறது?"

கடிதத்தின் தலையில் உள்ள தேதியை விடுங்க. தொகைக்குப் பக்கத்தில் "இந்த நாளின் இருப்பு" என்று இன்னொரு தேதி இருக்கும். அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

பெரும்பாலும் கிளையில் போன மாதக் கடைசி ஸ்டேட்மென்ட் தொகையை எடுத்து அடித்திருப்பார்கள். என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது: கடிதம் மார்ச் 14, இருப்பு பிப்ரவரி 28. இடையில் வந்த சம்பளம் அந்தத் தொகையில் சேரவே இல்லை. கிளைக்குத் திரும்பிப் போய், இரண்டு தேதியும் ஒன்றாக இருக்கும்படி புதுக் கடிதம் வாங்கினோம்.

வாங்கும்போதே கவுன்டரில் நின்று கையெழுத்தைப் பாருங்க. கிறுக்கல் மட்டும் போதாது. கீழே பெயரும் பதவியும் அச்சில் இருக்கணும், கிளை முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கணும். தூதரகத்திலிருந்து கிளைக்குப் போன் போட்டால், இவர்தான் கையெழுத்திட்டார் என்று சொல்ல ஆள் வேண்டுமே!

"வங்கி பொறுப்பேற்காது" என்ற வரி வழக்கமானது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கடிதம் எத்தனை நாள் செல்லும் என்பது தூதரகத்துக்குத் தூதரகம் மாறும். அவர்களுடைய பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்க.