ஆர்.ஏ. ஃபேக்டர் நார்மல், ஆன்ட்டி சிசிபி அதிகம்: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 43 வயது. பத்து வாரமாகக் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போடும் அளவுக்கு இளக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிமூட்டுகளும் வலது மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் 11 (14 வரை நார்மல்), ஆன்ட்டி சிசிபி 168 (20-க்கு மேல் பாசிட்டிவ்), இ.எஸ்.ஆர். 46. எக்ஸ்ரே நார்மல். "ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை, அதனால் முடக்குவாதம் இல்லை" என்று சொல்லி டாக்டர் வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆன்ட்டி சிசிபியை வேறு லேபில் திரும்ப எடுக்கவா? என் தங்கையும் இந்த டெஸ்டை எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: திரும்ப எடுக்க வேண்டாம். அந்த நேரத்தை மூட்டுவாத நிபுணரை, அதாவது ருமட்டாலஜிஸ்டைப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் கனமான எண் 168தான். பக்கத்தில் இருக்கும் 11 அதை ரத்து செய்துவிடாது.

குழப்பத்தில் பாதி, பெயரால் வருவது. ருமட்டாய்டு ஃபேக்டர் என்று கேட்டதும், முடக்குவாதம் இருந்தால் அது இருக்கும், இல்லையென்றால் இருக்காது என்று நினைக்கத் தோன்றுகிறது. உண்மையில் அது என்ன? நம் ரத்தத்தில் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள்கள் கிருமிகளைப் பிடிப்பதற்காகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த ஐஜிஜியின் வால்பகுதியையே போய்ப் பிடிக்கிற இன்னொரு எதிர்ப்பொருள்தான் ஆர்.ஏ. ஃபேக்டர். நோய் எதிர்ப்பு மண்டலம் எந்தக் காரணத்தாலாவது நீண்ட நாள் கிளர்ந்திருந்தால் இது உருவாகலாம். ஹெபடைட்டிஸ் சி, இதய வால்வில் வரும் கிருமித்தொற்று, காசநோய், கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய் என்று பல இடங்களில் இது தென்படும். எந்த நோயும் இல்லாத வயதானவர்கள் சிலரிடமும் இருக்கும். மறுபக்கம், முடக்குவாதம் உறுதியாக இருப்பவர்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேரிடம் இது இருப்பதே இல்லை. ஆகவே "ஃபேக்டர் இல்லை, அதனால் நோய் இல்லை" என்ற முடிவு அந்தப் பரிசோதனையால் தாங்க முடியாத சுமை.

ஆன்ட்டி சிசிபி வேறு கதை. நம் புரதங்களில் ஆர்ஜினைன் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. அழற்சி ஏற்பட்ட திசுவில் ஒரு நொதி அதை சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றிவிடுகிறது. இந்த மாற்றம் யாருக்கும் நடக்கக்கூடியது, அதில் தவறில்லை. ஆனால் மாறிய அந்தப் புரதத்தை அந்நியப் பொருளாக நினைத்து உடல் எதிர்ப்பொருள் தயாரிப்பது பெரும்பாலும் முடக்குவாதக்காரர்களிடம்தான் நடக்கிறது. சிட்ருலின் கலந்து, வளையமாக மடித்துச் செயற்கையாகச் செய்த ஒரு புரதத்துண்டை வைத்து அந்த எதிர்ப்பொருளைப் பிடிக்கிறார்கள். அதுதான் இந்த டெஸ்ட்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே என்று கவனியுங்கள். நோய் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; இரண்டுமே மூன்றில் ஒருவரைத் தவறவிடும். நோய் இல்லாதவரை நோயாளி என்று சொல்லிவிடுவதில்தான் வித்தியாசம். முடக்குவாதம் இல்லாத நூறு பேரைச் சோதித்தால் ஆர்.ஏ. ஃபேக்டர் சுமார் 15 பேரிடம் பாசிட்டிவாக வரும். ஆன்ட்டி சிசிபி சுமார் ஐந்து பேரிடம் மட்டுமே. அதனால் ஆன்ட்டி சிசிபி "இல்லை" என்று சொன்னால் அதை அரைமனதாக எடுத்துக்கொள்ளலாம். "இருக்கிறது" என்று சொன்னால், அதுவும் வீங்கிய விரல்களோடு சேர்ந்து சொன்னால், காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். மூட்டுவாத நிபுணர்கள் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்ந்து வகுத்த ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பத்துக்கு ஆறு வந்தால் முடக்குவாதம் என்று வகைப்படுத்துவார்கள். உங்களுக்குப் போட்டுப் பார்க்கிறேன். நான்கு விரல் அடிமூட்டுகள், ஒரு மணிக்கட்டு, ஆக ஐந்து சிறு மூட்டுகள். நான்கிலிருந்து பத்து வரை இருந்தால் 3 மதிப்பெண். எதிர்ப்பொருளில் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். நார்மல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் அதற்கு 3. உங்கள் லேபின் எல்லை 20, மூன்று மடங்கு 60, உங்களுக்கு 168. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். கூடியிருப்பதற்கு 1. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்திருப்பதற்கு 1. மொத்தம் 8. ஆர்.ஏ. ஃபேக்டரின் 11 இந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை என்பதைப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு வாசல்படி உண்டு. குறைந்தது ஒரு மூட்டிலாவது உண்மையான சவ்வு வீக்கம் இருப்பதை மருத்துவர் தொட்டு உறுதிசெய்திருக்க வேண்டும். வேறு நோயால் அது வந்திருக்கக் கூடாது. இதைக் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. முடக்குவாத வீக்கம் விரல்களின் அடியிலும் நடுவிலும் உள்ள மூட்டுகளில் மெத்தென்று இருக்கும், கை குலுக்கும்போது அழுத்தினால் வலி உயிர் போகும். நகத்துக்கு அடுத்த கடைசி மூட்டு கெட்டியாகப் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். அதில் காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்பதே அழற்சியின் பக்கம்தான் கைகாட்டுகிறது. சோரியாசிஸ், சிக்குன்குனியா போன்ற வைரஸ் காய்ச்சல், ஹெபடைட்டிஸ் சி ஆகியவையும் விரல் மூட்டுகளை வீங்கவைக்கும். நிபுணர் உங்கள் தலையையும் நகங்களையும் உற்றுப் பார்த்தாலோ பழைய காய்ச்சலைப் பற்றிக் கேட்டாலோ அதற்குத்தான்.

எக்ஸ்ரே நார்மல் என்பதில் ஆறுதல் தேடாதீர்கள். பத்து வாரத்தில் அது நார்மலாகத்தான் இருக்கும். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு வீங்கி, எலும்பின் ஓரத்தை அரிக்கத் தொடங்கி, அந்த அரிப்பு படத்தில் தெரிகிற அளவுக்கு வளர மாதங்கள் ஆகும். அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சவ்வின் வீக்கத்தை இப்போதே பார்க்க வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்டு நல்ல வழி.

நான் அவசரப்படுத்துவது இதனால்தான். ஆன்ட்டி சிசிபி அதிகமாக இருப்பவர்களுக்கு எலும்பு அரிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். வலி மாத்திரை வலியையும் இறுக்கத்தையும் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளை முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். உங்களுக்குப் பத்து வாரம் ஓடிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆர்.ஏ. ஃபேக்டரை மட்டும் எடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதியாகி, ஓராண்டுக்குப் பின் விரல்கள் கோணத் தொடங்கிய பிறகு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

நிபுணரைப் பார்க்கும் முன் யாராவது ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்தால், "பரிசோதனை முடியட்டும்" என்று சொல்லுங்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல, நிபுணரே குறுகிய காலத்துக்கு அதைக் கொடுக்கலாம். ஆனால் அவர் தொட்டுப் பார்க்க வேண்டிய வீக்கத்தை அது முன்கூட்டியே அமுக்கிவிடும். காலையில் வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது கைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், மதியம் பார்க்கும் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்டில்தான் தொடங்குவார்கள். அதற்கு முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு வாய்ப்பு இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மருந்து கருவுக்கு ஆகாது. இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரை என்று நினைத்து விழுங்கி உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பலன் தெரிய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை ஆன்ட்டி சிசிபியை அடிக்கடி எடுத்துப் பார்க்க முடியாது. நோய் அடங்கினாலும் அது பல வருடங்கள் அப்படியே இருக்கலாம். வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, காலை இறுக்கம் நீடிக்கும் நேரம், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு லேபின் 168-ஐயும் வேறொரு லேபின் 90-ஐயும் ஒப்பிட்டுக் குறைந்துவிட்டதாகச் சந்தோஷப்பட முடியாது. கருவிக்குக் கருவி எல்லையும் அளவும் மாறும்.

தங்கை விஷயம். அவருக்குத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் எடுக்க வேண்டாம். உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. இந்த எதிர்ப்பொருள் நோய்க்குப் பல வருடங்கள் முன்பே ரத்தத்தில் தோன்றலாம், தோன்றியும் நோய் வராமலே போகலாம். வலியில்லாத கைக்கு பாசிட்டிவ் ரிப்போர்ட் வந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் பயப்படுவதைத் தவிர இன்றைக்குச் செய்ய அதிகம் இல்லை. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள், அது இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். எப்போதாவது அவருக்கும் காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகி, மூட்டுகள் வீங்கி, சில வாரங்களாகியும் விடாமல் இருந்தால், அப்போது எடுக்கட்டும், இரண்டு டெஸ்டையும் சேர்த்து.