அசல் பொருளுக்கு டிரேட்மார்க் புகார்: அப்பீல் கடிதம்

"மார்த்தாண்டத்தில் கடை. டீலரிடம் வாங்கிய அசல் மிக்ஸி ஜாரைத்தான் ஆன்லைன் தளத்தில் விற்கிறேன். டிரேட்மார்க் மீறல் என்று லிஸ்டிங்கை எடுத்துவிட்டார்கள். அப்பீலில் என்ன எழுத?"

மன்னிப்பு கேட்டு எழுதாதீர்கள். நெட்டில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் "தவறு நடந்துவிட்டது, இனி நடக்காது" என்று இருக்கும். அதை அனுப்பினால் மீறலை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்படி எழுதுங்கள்:

"புகார் எண் …, லிஸ்டிங் எண் …. இது டிரேட்மார்க் உரிமையுள்ள நிறுவனமே தயாரித்த ஜார். விநியோகஸ்தரிடம் வாங்கிய ஜிஎஸ்டி பில் இணைத்துள்ளேன். சட்டப்படி வாங்கிய அசல் பொருளை மறுவிற்பனை செய்வதை டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 30(3) அனுமதிக்கிறது. லிஸ்டிங்கைத் திரும்பக் கொடுங்கள்."

பில்தான் முக்கியம். தேதி லிஸ்டிங் நீக்கத்துக்கு முந்தையதாக இருக்கணும். மாடல் எண் லிஸ்டிங்கோடு பொருந்தணும். விற்ற எண்ணிக்கையை விடக் குறைவாக வாங்கியதாகக் காட்டக் கூடாது. விலையை மறைக்கலாம், டீலர் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மறைக்காதீர்கள். நாகர்கோவில் மொத்தக் கடையின் துண்டுச் சீட்டு இங்கே செல்லாது.

அனுப்பும் முன் லிஸ்டிங் தலைப்பைப் பாருங்கள். வேறு கம்பெனி மூடியையோ பிளேடையோ சேர்த்து 'காம்போ' என்று அந்த பிராண்டின் பெயரில் போட்டிருந்தால், பெரும்பாலும் புகார் அதனால்தான். அப்படியானால் மேலே சொன்ன கடிதம் நிற்காது. பொருளின் நிலையை மாற்றி விற்றால் உரிமையாளர் தடுக்கலாம் என்று பிரிவு 30(4) சொல்கிறது. காம்போவைப் பிரித்து, ஜாரை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், புகார் கொடுத்தவரின் மின்னஞ்சல் நோட்டீஸில் இருந்தால் அதே பில்லை அவருக்கும் அனுப்புங்கள். அவரே புகாரைத் திரும்பப் பெற்றால் சீக்கிரம் முடியும்.