தோழி தள்ளிவிடும் கனவு எச்சரிக்கையா?

கேள்வி: என் வயது 33. ஒரே மாதத்தில் மூன்று முறை ஒரே கனவு. பள்ளிக் காலத்திலிருந்து கூடவே இருக்கும் என் தோழியும் நானும் மொட்டை மாடி விளிம்பில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் சிரித்துக்கொண்டே என்னைத் தள்ளிவிடுகிறாள். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி எழுந்துவிடுகிறேன். பகலில் அவளோடு பேசும்போதும் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. நான் வேலை மாறப் போவதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தக் கனவு எனக்கு எச்சரிக்கையா? அவளிடமிருந்து விலகிவிடலாமா?

மருத்துவர் பதில்: எச்சரிக்கை இல்லை. உங்கள் தோழியின் மனதில் என்ன இருக்கிறது என்று உங்கள் தூக்கத்துக்குத் தெரிய வழியே கிடையாது. விழித்திருக்கும்போது உங்களுக்குத் தெரிந்தது எதுவோ, அதை வைத்துத்தான் கனவு கதை கட்டுகிறது. அதற்காக, வெறும் கனவுதானே என்று தள்ளிவிடவும் சொல்ல மாட்டேன். வேலை விஷயம் வெளியே போனதை எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியமானது. அது விழித்திருக்கும்போது நடந்தது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அதைப் பற்றி அல்ல, கனவைப் பற்றி.

முதலில், கனவு ஏன் அவ்வளவு நிஜமாக இருக்கிறது என்று பார்ப்போம். நம் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய இமைக்குள் கண்விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். அதை ரெம் தூக்கம் என்கிறோம். முன்னிரவில் அது சில நிமிடங்கள்தான். விடியும் நேரம் நெருங்க நெருங்க நீளும். உங்கள் கனவு விடியற்காலையில் வருவதற்குக் காரணம் அதுதான், அந்த நேரத்துக்கு வேறு விசேஷம் எதுவும் இல்லை. ரெம் தூக்கத்தில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி நன்றாக வேலை செய்யும். ‘இது நடக்கக்கூடியதா?’ என்று சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கிக் கிடக்கும். பகலில் ஒரு சின்ன உறுத்தலாக இருந்தது இரவில் மாடி விளிம்பாகவும் ஒரு கையாகவும் மாறுவது இதனால்தான். எழும்போது படபடப்பும் வியர்வையும் நிஜமாகவே இருப்பதால், பார்த்ததும் நிஜம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. (படுத்த சில நிமிடங்களிலேயே விழுவதுபோலத் தூக்கிப் போட்டு எழுவது வேறு. அது தசை துடிப்பு, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.)

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். தோழியைப் பற்றி உங்களுக்கு உறுத்துவதில், முதல் கனவுக்கு முன்பே நடந்தவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். கனவு வந்த பிறகு கண்ணில் பட்டவற்றை இன்னொரு பக்கம் எழுதுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். ஓடும் பேருந்தின் படியிலிருந்து நெருங்கிய நண்பர் தன்னைத் தள்ளிவிடுவதாக அவருக்குக் கனவு. ‘அவன் மாறிவிட்டான் டாக்டர்’ என்றார். எழுதச் சொன்னேன். கனவுக்குப் பிந்தைய பக்கம் நிரம்பி வழிந்தது: போனைச் சட்டென்று வைத்துவிட்டான், பிறந்தநாள் வாழ்த்து சாயங்காலம்தான் வந்தது, ஒரு மாதிரி சிரித்தான். முந்தைய பக்கத்தில் ஒரே ஒரு வரி. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்படி கேட்டிருந்தார், மூன்று வாரமாக நண்பர் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் போய்க் கேட்கச் சொன்னேன். நண்பருக்குக் கையெழுத்துப் போட விருப்பமில்லை, அதை நேரில் சொல்லச் சங்கடப்பட்டு நாளைக் கடத்தியிருக்கிறார். கேட்டவருக்கு வருத்தம்தான். ஆனால் அது துரோகம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. நிரம்பி வழிந்த பக்கத்தை அவரே கிழித்துப் போட்டார்.

கனவுக்குப் பிறகு சேரும் ‘ஆதாரங்கள்’ பெரும்பாலும் இப்படித்தான். அவற்றில் நம் பங்கும் இருக்கும். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காதல் உறவில் இருந்தவர்கள் இரண்டு வாரம் தினமும் தங்கள் கனவையும் மறுநாள் துணையோடு எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் குறித்து வைத்தார்கள். துணையோடு சண்டை போடுவதாகக் கனவு கண்டவர்களுக்கு மறுநாள் நிஜத்திலும் உரசல் கூடியது. அது காதலர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஆனால் என் அனுபவத்தில் நட்பிலும் இதே கதையைத்தான் பார்க்கிறேன். நீங்கள் மனதில் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு பாதி மனதோடு பேசுகிறீர்கள். காரணம் தெரியாமல் அவரும் ஒதுங்குவார். அந்த ஒதுக்கத்தைப் பார்த்து, கனவு பலித்துவிட்டது என்பீர்கள்.

உங்கள் தாளில் முந்தைய பக்கம் காலியாக இருக்காது என்றே நினைக்கிறேன். வேலை விஷயம் வெளியே தெரிந்தது முதல் கனவுக்கு முன்பா பின்பா என்று தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எப்போது தெரிந்திருந்தாலும் அது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கனவைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். ‘நீ என்னைத் தள்ளிவிடுவதுபோலக் கனவு கண்டேன்’ என்றதும், தான் செய்யாத ஒன்றுக்கு அவர் பதில் சொல்லவேண்டியதாகிவிடும், உண்மையான கேள்வி அதில் அமுங்கிப்போகும். ‘நான் வேலை மாறுவது இன்னாருக்குத் தெரிந்திருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ சொன்னாயா?’ அவ்வளவு போதும். அவர் வாய் தவறிச் சொல்லியிருக்கலாம், ரகசியம் என்றே நினைக்காமல் சொல்லியிருக்கலாம், வேறு வழியிலும் அது போயிருக்கலாம். தெரிந்தே சொல்லியிருந்தால், அப்புறம் நீங்கள் எடுக்கும் முடிவு நடந்த விஷயத்தை வைத்து எடுத்ததாக இருக்கும். விலகுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.

கேட்ட பிறகும் கனவு தொடர்ந்தால் அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதுங்கள். அதன் போக்கை உங்கள் விருப்பப்படி ஓர் இடத்தில் மாற்றுங்கள். அவர் கை நீளும்போது நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்கலாம், இருவரும் படியிறங்கிப் போய்விடலாம். அந்தப் புதிய கனவை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திரும்பத் திரும்ப நினைக்கவேண்டாம். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு மனநல மருத்துவர்கள் கொடுக்கும் பயிற்சிதான் இது. பலருக்குச் சில வாரங்களில் கனவு குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை.

இந்த ஒரு மாதத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா? ஒற்றைத் தலைவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் ப்ரோப்ரனலால், சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் கெட்ட கனவுகளைக் கிளப்பக்கூடியவை. அப்படியிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

கனவு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வந்து, படுக்கவே பயமாக இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்போதாவது உங்களை யாராவது நிஜமாகவே தள்ளியோ அடித்தோ இருந்தாலும் பாருங்கள், அப்போது கனவில் வரும் முகம் தோழியுடையதாக இருந்தாலும் பயம் பழையதாக இருக்கலாம். சந்தேகம் தோழியோடு நிற்காமல் வீட்டார், கூட வேலை செய்பவர்கள் என்று விழித்திருக்கும்போதே பரவினால் மட்டும் நாள் கடத்தவேண்டாம், அந்த வாரமே போய்விடுங்கள். அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். எது முன்பு, எது பின்பு என்று பார்ப்பவருக்கும் உடனே புரியும்.